அரக்கு அட்டையில் தங்க எழுத்து: சேனல், ஒளிர்வு மாஸ்க் வழியாகப் பிரித்தெடுக்கும் முறை

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று வேலைக்கு வருகிறது. அரக்கு நிறத்தில் நார் தெரியும் கைக்காகித அட்டை. அதன் மேல் ‘திருமண அழைப்பிதழ்’ என்று யாரோ கையால் வரைந்த எழுத்து, ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் தங்க மையாக ஏறியிருக்கிறது. அடுத்த கல்யாணத்துக்கும் அதே எழுத்துதான் வேண்டும் என்கிறார்கள். எந்த ஃபாண்ட்டிலும் இல்லாத எழுத்து என்பதால் திரும்ப டைப் செய்து ஒப்பேற்ற முடியாது. பென் டூலால் வரையலாம்தான். ஆனால் கோடு ஏறி இறங்கும் அந்தக் கைவாகு போய்விடும். ஆகவே அட்டையிலிருந்தே எழுத்தை உரித்தெடுக்க வேண்டும்.

மேஜிக் வாண்ட் இங்கே உதவாது. மெல்லிய கோட்டில் சுத்தமான தங்க நிறம் இருப்பது நடுவில் சில பிக்சல்களில் மட்டும். இரு ஓரங்களும் தங்கமும் அரக்கும் கலந்த இடைநிறம். வாண்ட் ஒரு பிக்சலை எடுக்கிறது அல்லது விடுகிறது, அரைகுறையாக எடுக்க அதற்குத் தெரியாது. அதன் Tolerance-ஐக் குறைத்தால் கோடு அறுந்துபோகும், கூட்டினால் காகித நாரும் சேர்ந்து வரும். நமக்கு வேண்டியது சாம்பல் நிறங்களால் ஆன ஒரு மாஸ்க். எழுத்தின் நடுப்பகுதி வெள்ளை, பின்னணி கறுப்பு, ஓரம் இரண்டுக்கும் இடையே என்று அது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சாம்பல் படம் கோப்புக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் சேனல் என்கிறோம்.

கீழே உள்ள மெனுப் பெயர்கள் ஃபோட்டோஷாப்புக்கானவை. மேக் வைத்திருப்பவர்கள் Ctrl என்ற இடத்தில் Cmd என்றும், Alt என்ற இடத்தில் Option என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்யும்போதே பாதி வேலை

முதலில் கோட்டின் தடிமனைப் பாருங்கள். நம் அட்டையில் மிக மெல்லிய கோடு ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். 300 ppi-யில் ஸ்கேன் செய்தால் அது இரண்டு பிக்சலுக்கும் குறைவு. நடுப்பகுதி என்றே ஒன்று இருக்காது, எல்லாமே ஓரமாகிவிடும். 1200 ppi-யில் அதே கோடு 7 பிக்சல் வரும். நடுவில் 4, 5 பிக்சலாவது உண்மையான தங்க நிறத்தில் கிடைக்கும். எனவே 1200-ஐ எடுத்துக்கொள்வோம். முழு அட்டையையும் எடுத்தால் கோப்பு பூதாகரமாகும். எழுத்து உள்ள பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

ஸ்கேனர் மென்பொருளில் ஷார்ப்பனிங், தூசி நீக்கம் போன்ற தானியங்கி வசதிகளை அணைத்துவிடுங்கள். ஷார்ப்பனிங் எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பைப் போடும், கூடவே நாரையும் பளிச்சென்று ஆக்கும். 16 பிட், TIFF வடிவில் சேமியுங்கள். JPEG பெரும்பாலும் நிறத் தகவலை வெளிச்சத் தகவலை விடக் குறைந்த நுணுக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறது. நாம் அலசப்போவதோ நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த முறை தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

காகிதத்தின் மேடுபள்ளத்துக்கு ஒரு நல்ல கைவேலை உண்டு. பல ஃபிளாட்பெட் ஸ்கேனர்களில் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கும். அதனால் ஒவ்வொரு சிறு மேட்டின் ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் நிழலாகும். அட்டையை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அட்டையை 180 டிகிரி திருப்பி வைத்து இன்னொரு முறை. இரண்டாவது படத்தைக் கணினியில் நேராகத் திருப்பி, முதல் படத்தின் மேல் லேயராகப் போட்டு, Edit > Auto-Align Layers கொடுங்கள். மேல் லேயரின் கலவை முறையை Darken ஆக்குங்கள். முதல் ஸ்கேனில் மின்னிய பக்கம் இரண்டாவதில் இருட்டாக இருக்கும், இருட்டுதான் நிற்கும். மை எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் எழுத்துக்குச் சேதமில்லை. ஆனால் இரண்டு படமும் ஒரு பிக்சல் விலகிப் பொருந்தினால் கோட்டிலிருந்து ஒரு பிக்சல் சீவப்படும். 400 சதவீதம் பெரிதாக்கி, நான்கு மூலையிலும் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஒரு மூலையில் பொருந்தி இன்னொரு மூலையில் விலகினால் இந்தத் தந்திரத்தை விட்டுவிட்டு ஒரே ஸ்கேனுடன் போவது மேல்.

தங்க மைக்குப் பதில் ஃபாயில் ஒட்டிய அட்டை என்றால் கதை வேறு. ஃபாயில் கண்ணாடி மாதிரி. ஸ்கேனர் வெளிச்சத்தை அது வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிடும், எழுத்து கறுப்பாகவோ பழுப்பாகவோ வரும். அப்போது கேமராவில் படம் எடுப்பதே வழி. ஒரு பெரிய வெள்ளை அட்டையை நன்றாக வெளிச்சம் படும்படி வைத்து, அதன் பிம்பம் ஃபாயிலில் தெரியும் கோணத்தில் எடுக்க வேண்டும்.

எந்தச் சேனல் என்பதை எண் சொல்லட்டும்

Window > Channels திறந்து Ctrl+3, Ctrl+4, Ctrl+5 என்று அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிச் சாம்பல் படங்களாகத் தெரியும். Ctrl+2 மறுபடி முழு வண்ணத்துக்குக் கொண்டுவரும்.

‘எழுத்து எதில் பளிச்சென்று இருக்கிறதோ அதை எடு’ என்று பலர் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் இங்கே சிவப்பைத்தான் எடுப்போம், எழுத்து அதில்தான் மிக வெளிச்சமாக இருக்கிறது. அது தவறான தேர்வு. எழுத்து எவ்வளவு வெளிச்சம் என்பது பெரிய விஷயம் இல்லை. எழுத்துக்கும், பின்னணியில் இருப்பதிலேயே அதிக வெளிச்சமான நாருக்கும் இடைவெளி எவ்வளவு என்பதுதான் விஷயம்.

அதை அளக்க ஐட்ராப்பரின் Sample Size-ஐ 3 by 3 Average ஆக்கி, மூன்று இடத்தில் வைத்து Info பலகத்தைப் பாருங்கள். மெல்லிய கோட்டின் நடுவில் ஒன்று, சாதாரணப் பின்னணியில் ஒன்று, பின்னணியில் கண்ணுக்குத் தெரியும் மிக வெளிச்சமான நாரில் ஒன்று. நம் அட்டையின் அளவுகளை இப்படி வைத்துக்கொள்வோம். கோட்டில் சிவப்பு 205, பச்சை 165, நீலம் 95. பின்னணியில் 98, 28, 36. நாரில் 150, 62, 70.

இப்போது கோட்டிலிருந்து நாரைக் கழியுங்கள். சிவப்பில் இடைவெளி 55. பச்சையில் 103. நீலத்தில் வெறும் 25. பச்சைதான் நமக்கு.

காரணம் எளிது. அரக்கு நிறம் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, பச்சையையும் நீலத்தையும் விழுங்குகிறது. ஆகவே காகிதத்தின் மேடுபள்ளம், நார் எல்லாம் சிவப்புச் சேனலில் விலாவாரியாகத் தெரியும். பச்சைச் சேனலில் காகிதமே ஏறக்குறைய இருட்டு. தங்க நிறமோ சிவப்பையும் பச்சையையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும் நிறம், அதனால் பச்சையிலும் அது நிற்கிறது. இதே தங்க எழுத்து கருநீல அட்டையில் இருந்தால் சிவப்புச் சேனல்தான் சரி, நீலத்தில் எழுத்தே காணாமல் போகும். கரும்பச்சை அட்டை என்றாலும் சிவப்புதான். பின்னணி எந்த நிறமோ அந்தச் சேனலை விட்டுவிட்டு, மிச்சமிருப்பதில் எழுத்து எதில் வெளிச்சமாக இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். இருந்தாலும் அளந்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

ஒளிர்வு மாஸ்க் எங்கே உதவும், எங்கே காலை வாரும்

Ctrl+Alt+2 அழுத்தினால் முழுப் படத்தின் ஒளிர்வு ஒரு தேர்வாக ஏறும். வெளிச்சமான பிக்சல் அதிகமாகவும், இருட்டான பிக்சல் குறைவாகவும் தேர்வாகும். நகரும் புள்ளிக்கோடு 50 சதவீதத்துக்கு மேல் தேர்வான இடத்தை மட்டும்தான் சுற்றும். எனவே கோடு தெரியாத இடமெல்லாம் தேர்வாகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வைச் சேனலாகச் சேமித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சேனல்கள் பலகத்தின் அடியில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு.

ஒளிர்வு என்பது மூன்று சேனலின் கலவை. பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று தோராயமாக எடை போட்டால், நம் கோடு 169 வரும், நார் 89 வரும். இடைவெளி 80. பச்சைச் சேனல் மட்டும் தந்த 103-ஐ விட இது குறைவு. சிவப்பு உள்ளே வந்து நாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. நிறம் உள்ள பின்னணியில் நேரடி ஒளிர்வு மாஸ்க்கை விட ஒற்றைச் சேனலின் ஒளிர்வு மாஸ்க் மேல் என்பது இதனால்தான். அதற்கு Ctrl-ஐ அழுத்திக்கொண்டு பச்சைச் சேனலின் சிறு படத்தைக் கிளிக் செய்தால் போதும்.

அடுத்து எல்லோரும் செய்வது, அந்தத் தேர்வை அதனுடனேயே வெட்டிக்கொள்வது. தேர்வு இருக்கும்போதே Ctrl+Shift+Alt அழுத்தி அதே சேனலை மறுபடி கிளிக் செய்தால், ஒவ்வொரு பிக்சலின் அளவும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். கோடு 165-லிருந்து 107 ஆகும். நார் 62-லிருந்து 15 ஆகும். இன்னொரு முறை செய்தால் கோடு 69, நார் 4. முதலில் கோடு நாரை விட இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான் வெளிச்சம். இப்போது ஏறக்குறைய 19 மடங்கு. பிறகு லெவல்ஸில் இழுத்து வெள்ளையாக்கினால் நார் சுத்தமாகப் போய்விடும்.

பெரிய எழுத்துக்கு இது அருமையான வழி. மெல்லிய எழுத்துக்குத்தான் சிக்கல். கோட்டின் ஓரத்தில் பாதி மையும் பாதி காகிதமுமாக இருக்கும் பிக்சலின் அளவு 96. வெட்டுவதற்கு முன் அது நடுப்பகுதியின் 58 சதவீதம். ஒருமுறை வெட்டியபின் 34, இரண்டாம் முறை 20. நாரைக் கொல்லும் அதே பெருக்கல் ஓரத்தையும் கொல்கிறது. 7 பிக்சல் கோட்டில் இரு பக்கமும் அரை பிக்சல், முக்கால் பிக்சல் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். எழுத்து பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். கோட்டின் தடிமன் ஏறி இறங்கும் கையெழுத்தில் மெல்லிய இடங்கள் அறுந்தே போகலாம். எனவே மெல்லிய எழுத்துக்கு இந்த வெட்டலை ஒரு முறைக்கு மேல் செய்வதில்லை. பெரும்பாலும் அதையும் செய்யாமல் லெவல்ஸிலேயே முடித்துக்கொள்வது நல்லது. எப்படி என்று பார்ப்போம்.

வடிவத்துக்கு ஒரு சேனல்

பச்சைச் சேனலைப் பிரதி எடுங்கள். சேனலை வலது கிளிக் செய்து Duplicate Channel. அதற்கு ‘வடிவம்’ என்று பெயர் வையுங்கள். மூலச் சேனலில் எதையும் செய்யாதீர்கள், செய்தால் படத்தின் நிறமே மாறிவிடும்.

‘வடிவம்’ சேனலில் நின்று Ctrl+L அழுத்தி லெவல்ஸைத் திறங்கள். இடது முனையை 70-க்குக் கொண்டுவாருங்கள். நாரின் அளவு 62, அதற்குச் சற்று மேலே. வலது முனையை 160-க்குக் கொண்டுவாருங்கள். கோட்டின் அளவு 165, அதற்குச் சற்றுக் கீழே, நடுப்பகுதி முழு வெள்ளை ஆவதற்காக. இப்போது பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை. ஆனால் ஓரத்தில் பாதியாக இருக்க வேண்டிய 96 இப்போது 29 சதவீதமாகத்தான் நிற்கிறது. அதாவது கோடு மெலிந்துவிட்டது. நடு முக்கோணத்தை 1.00-லிருந்து ஏறக்குறைய 1.80-க்கு நகர்த்துங்கள். அந்த 29 மறுபடி 50-க்கு வந்துவிடும், கோடு பழைய தடிமனுக்குத் திரும்பும். இடது முனையை நன்றாக உயர்த்தியவர்கள் நடு முக்கோணத்தைத் தொடாமல் விடுவதுதான் இந்த வேலையில் எழுத்து மெலிவதற்கு முதல் காரணம்.

உங்கள் அட்டையின் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போட விருப்பமில்லை என்றால் கண்ணாலும் செய்யலாம். மூலப் படத்தை இன்னொரு சாளரத்தில் 400 சதவீதத்தில் வைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கோட்டின் தடிமன் இரண்டிலும் ஒன்றாகத் தெரியும் வரை முக்கோணத்தை நகர்த்துங்கள்.

இடத்துக்கு இன்னொரு சேனல்

நார் போய்விட்டது. ஆனால் தூசி போகவில்லை. பழைய அட்டையில் வெள்ளைத் துகள், கீறல், பஞ்சு இழை எல்லாம் இருக்கும். அவற்றின் பச்சை அளவு 180 இருக்கலாம், எழுத்தை விட வெளிச்சம். வெளிச்சத்தை மட்டும் பார்க்கும் எந்த மாஸ்க்காலும் இவற்றைப் பிரிக்க முடியாது.

தமிழ் எழுத்தில் இது கூடுதல் தலைவலி. ‘அழைப்பிதழ்’ என்ற சொல்லில் ப், ழ் இரண்டுக்கும் புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியின் விட்டம் 0.35 மில்லிமீட்டர் என்றால் 1200 ppi-யில் 16, 17 பிக்சல். தூசியும் அதே அளவில் இருக்கும். Dust & Scratches, Median போன்ற தூசி நீக்கும் வடிகட்டிகளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கில எழுத்துக்காகச் சொல்லப்பட்ட வழியை அப்படியே செய்தால் மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய்யாகி, பத்திரிகை ‘அழைபபிதழ’ என்று அச்சாகி வரும்.

ஆனால் தூசிக்கு நிறம் இல்லை, மைக்கு உண்டு. தங்க நிறத்தில் பச்சை 165, நீலம் 95, வித்தியாசம் 70. வெள்ளைத் தூசியில் பச்சை 180, நீலம் 178, வித்தியாசம் 2. நாரிலும் பின்னணியிலும் நீலம்தான் அதிகம், கழித்தால் சுழிக்குக் கீழே போய்க் கறுப்பாகிவிடும். ஆக, பச்சையிலிருந்து நீலத்தைக் கழித்தால் மை மட்டும் மிஞ்சும்.

Image > Calculations திறங்கள். Source 1-இல் Blue, Source 2-இல் Green, Blending-இல் Subtract, Opacity 100, Scale 1, Offset 0, Result-இல் New Channel. கறுப்பில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் சரி. எல்லாமே கறுப்பாகவோ, எழுத்துக்குப் பதில் பின்னணி மங்கலாகத் தெரிவதாகவோ இருந்தால் Blue, Green இரண்டையும் இடம் மாற்றுங்கள். புதுச் சேனலுக்கு ‘இடம்’ என்று பெயர் வையுங்கள்.

இதைப் பார்த்ததும் ‘தூசியே இல்லையே, இதையே மாஸ்க்காக வைத்துக்கொள்ளலாமே’ என்று தோன்றும். வேண்டாம். 70-ஐ 255-க்கு இழுக்க மூன்றரை மடங்கு பெருக்க வேண்டும், இரண்டு சேனலின் குருணையும் சேர்ந்து பெருகி, ஓரம் மணல் தூவிய மாதிரி ஆகும். போதாததற்கு, பல ஸ்கேனர்களில் மூன்று நிறமும் துல்லியமாக ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாது. அதனால் பெரிய தூசிகளின் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய பிறை ஒன்று தெரியும்.

இந்தச் சேனல் எழுத்து எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், அதன் ஓரம் எப்படி என்று ‘வடிவம்’ சொல்லிக்கொள்ளும். எனவே இதைத் தாராளமாக மழுங்கடிக்கலாம். முதலில் Gaussian Blur 1 பிக்சல், அதில் பிறையும் குருணையும் அடங்கும். பிறகு லெவல்ஸில் இடது முனை 20, வலது முனை 50. அப்புறம் Filter > Other > Maximum, ஆரம் 4 பிக்சல், Preserve-இல் Roundness. இது வெள்ளையை எல்லாப் பக்கமும் நான்கு பிக்சல் வளர்க்கும். கடைசியாக Gaussian Blur 2 பிக்சல். இப்போது எழுத்தின் மேல் தடிமனான பேனாவால் ஓட்டியது போன்ற வெள்ளை வடிவம் கிடைக்கும். புள்ளிகள் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் வெள்ளைத் தூரிகையால் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். இந்தச் சேனலில் துல்லியம் தேவையே இல்லை.

மறுபடி Calculations. Source 1-இல் ‘வடிவம்’, Source 2-இல் ‘இடம்’, Blending-இல் Multiply, Result-இல் New Channel. இதற்கு ‘எழுத்து’ என்று பெயர் வையுங்கள். இரண்டு சேனலும் வெள்ளை என்று ஒத்துக்கொள்ளும் இடம் மட்டும் இதில் வெள்ளையாக வரும். தூசி ‘இடம்’ சேனலில் கறுப்பு, ஆகவே போய்விட்டது. எழுத்தின் ஓரத்தில் ‘இடம்’ முழு வெள்ளை, ஆகவே ஓரம் ‘வடிவம்’ சொன்னபடியே தொடப்படாமல் இருக்கிறது.

எழுத்தை ஒட்டியே கிடக்கும் தூசி மட்டும் தப்பித்திருக்கும். அதன் முழு வெள்ளைப் பகுதியைச் சாதாரணக் கறுப்புத் தூரிகையால் அழியுங்கள். மிஞ்சும் சாம்பலுக்கு, தூரிகையின் Mode-ஐ Overlay ஆக்கி, கறுப்பில், 30 சதவீத Opacity-யில் தடவினால், சாம்பல் மட்டும் இருளும், முழு வெள்ளை அசையாது. அதே தூரிகையை வெள்ளையில் வைத்து, மை மெலிந்து சாம்பலாக இருக்கும் கோட்டின் நடுவில் தடவினால் அது நிரம்பும், பக்கத்துக் கறுப்பு அசையாது. நம் கணக்கில் மை தேய்ந்து 130-க்கு இறங்கிய இடம் மாஸ்க்கில் 80 சதவீதமாக நிற்கும். அப்படியே விட்டால் புதுப் பின்னணி அந்த இடத்தில் எழுத்துக்குள் ஊடுருவித் தெரியும்.

நிறம் இல்லாத எழுத்து என்றால்

கரும்பலகையில் சாக்பீஸ், கறுங்கல்லில் வெள்ளை பெயின்ட் மாதிரி இடங்களில் மூன்று சேனலும் ஏறக்குறைய ஒன்றுதான். கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. அங்கே நிறத்துக்குப் பதில் அகலத்தை வைத்துப் பிரிக்கலாம், எழுத்துக் கோடு மெல்லியது என்பதே நமக்குச் சாதகம். குருணை குறைவான சேனலைப் பிரதி எடுத்து, அதில் Filter > Other > Minimum கொடுத்து, உடனே அதே ஆரத்தில் Maximum கொடுங்கள். முதலாவது வெள்ளையைச் சுருக்குவதால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். இரண்டாவது மிச்சத்தைப் பழைய அளவுக்கு வளர்க்கும், ஆனால் மறைந்த கோடு திரும்ப வராது. கிடைப்பது எழுத்தில்லாத பின்னணி. அதை Calculations-இல் மூலச் சேனலிலிருந்து கழித்தால் பின்னணியின் திட்டுகளும் வெளிச்ச ஏற்றத்தாழ்வும் போய் எழுத்து நிற்கும்.

ஆரம் எழுத்தின் மிகத் தடிமனான பகுதியின் பாதியை விடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். கோடு 7 பிக்சல், புள்ளி 17 பிக்சல் என்றால் ஆரம் 9. கோட்டை மட்டும் பார்த்து 4 வைத்தால் புள்ளி பின்னணியாகக் கருதப்பட்டுக் கழிந்துபோகும். இந்த முறையின் எல்லையும் இதிலேயே தெரிகிறது. எழுத்துக்கோடு அளவுக்கே மெல்லியதாக, அதே வெளிச்சத்தில் இருக்கும் கீறலை இது எழுத்தென்றே நினைக்கும். அங்கே கைத் தூரிகைதான்.

நிறைய படங்கள் இருந்தால் இமேஜ்மேஜிக்கில் இதையே இப்படிச் செய்யலாம்:

```
magick card.tif -channel G -separate g.png
magick g.png -morphology TopHat Disk:9 text.png
```

எழுத்தை வெளியே எடுப்பது

‘எழுத்து’ சேனலை Ctrl+கிளிக் செய்து தேர்வாக ஏற்றுங்கள். இங்கே பலர் மூலப் படத்தை Ctrl+J கொடுத்துத் தனி லேயர் ஆக்குவார்கள். அதைச் செய்தால் ஓரத்துப் பிக்சல்களில் கலந்திருக்கும் அரக்கு நிறமும் கூட வரும். வெள்ளைப் பின்னணியில் வைத்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குச் சிவப்பு விளிம்பு தெரியும். அதற்குப் பதில் Layer > New Fill Layer > Solid Color கொடுங்கள். தேர்வு தானாகவே மாஸ்க் ஆகிவிடும். நிறத்தைக் கோட்டின் நடுவிலிருந்து எடுங்கள், நம் எண்ணில் 205, 165, 95. மூலப் படத்தின் பிக்சல் ஒன்றுகூட இதில் இல்லை, வடிவம் மட்டும்தான் எடுத்தோம். நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அடியில் ஒருமுறை வெள்ளை, ஒருமுறை நடுச் சாம்பல், ஒருமுறை கறுப்பு என்று நிரப்பிப் பாருங்கள். சாம்பலில்தான் விட்டுப்போன தூசியும் ஓரக் குறையும் நன்றாகத் தெரியும். கறுப்பில் சரியாகத் தெரிந்த எழுத்து வெள்ளையில் மெலிந்து தெரிந்தால் பதற வேண்டாம். இருட்டில் இருக்கும் வெளிச்சமான கோடு கண்ணுக்கு எப்போதும் சற்றுத் தடித்துத் தெரியும். மாஸ்க்கைத் தேர்ந்து, லெவல்ஸில் நடு முக்கோணத்தை 1.1, 1.2 என்று நகர்த்தினால் சமமாகும்.

ஃபாயில் பிளாக் அல்லது ஸ்க்ரீன் போடுவதற்குக் கொடுப்பதென்றால் சாம்பல் உதவாது, சுத்தமான கறுப்பு வெள்ளைதான் கேட்பார்கள். ‘எழுத்து’ சேனலைப் புதுக் கோப்பாகப் பிரதி எடுத்து, Ctrl+I கொடுத்துத் தலைகீழாக்கி, Image > Mode > Grayscale, அதே மெனுவில் 8 Bits/Channel, பிறகு Bitmap, 1200 ppi, 50% Threshold. 1200-இல் ஓரத்தின் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியாது. அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து, வாடிக்கையாளர் கொண்டுவந்த அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இருக்கிறதா, ‘ழ’வின் கீழ்க்கொம்பு முழுதாக இருக்கிறதா, ‘தி’யின் கொக்கி ‘த’வோடு ஒட்டியிருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிடுங்கள்.